ப்ரீ ரெக்கார்டரில் 5 நிமிஷத்தில் நின்றுவிடுகிறது, இன்னொன்றில் F12 மேல் வாட்டர்மார்க்: காசு கட்டலாமா?

பாளை_டேலி

பாளையங்கோட்டையில் சின்னதாக டேலி, ஜிஎஸ்டி கிளாஸ் நடத்துகிறேன். நேரில் வருகிறவர்கள் போக, களக்காடு, நாங்குநேரி பக்கத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வர முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பாடத்தை ஸ்கிரீன் ரெக்கார்டிங் செய்து அனுப்பலாம் என்று ஆரம்பித்தேன். ஒரு பாடம் சுமார் 40 நிமிஷம் வரும்.

முதலில் பிரவுசரில் போடுகிற ஒரு ரெக்கார்டரை எடுத்தேன். ப்ரீ பிளானில் ஒரு வீடியோ 5 நிமிஷம்தான், மொத்தம் 25 வீடியோதான் வைத்துக்கொள்ளலாம், குவாலிட்டி 720p. நான் பர்ச்சேஸ் வவுச்சர் போட்டுக் காட்டிக்கொண்டே இருக்கிறேன், அது பாட்டுக்கு நின்றுபோய் லிங்க் தயார் என்று சொல்கிறது.

அதை விட்டுவிட்டு கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்கிற இன்னொன்றுக்குப் போனேன். அதில் நேரக்கட்டுப்பாடு இல்லை, ஆனால் எக்ஸ்போர்ட் செய்தால் வலது கீழ் மூலையில் அவர்கள் பெயர் வருகிறது. டேலி பிரைமில் அந்த இடத்தில்தான் F12: Configure பட்டன் இருக்கும். பாதி பாடத்தில் "F12 அழுத்துங்க, கீழே பாருங்க" என்றுதான் சொல்லியிருக்கிறேன், அங்கே பார்த்தால் அவர்கள் லோகோ. இதிலும் 720pக்கு மேல் எக்ஸ்போர்ட் ஆகாது. ஏற்கெனவே 6 பாடம் இதில் எடுத்து வைத்திருக்கிறேன்.

பணம் கட்டினால் மாதம் 12 டாலர். கட்டலாமா? கட்டினால் ஏற்கெனவே எடுத்த 6 பாடத்திலும் லோகோ போகுமா, இல்லை புதிதாக எடுப்பதற்கு மட்டுமா? லேப்டாப் ஐ3, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10, ஸ்கிரீன் 1366x768.

வண்ணார்பேட்டை_மணி

எதுக்கு அக்கா காசு. 5 நிமிஷம் 5 நிமிஷமா எடுங்க, அப்புறம் எல்லாத்தையும் சேர்த்து ஒட்டிருங்க. நான் என் கடை பில்லிங் சாப்ட்வேருக்கு அப்படித்தான் எடுத்தேன், பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க அது போதும். பெரிய வீடியோவை யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டாங்க.

கொக்கிரகுளம்_காரன்

இது ரெக்கார்டர் பிரச்சினை இல்லை. யூடியூபில் போன் நம்பர் கொடுத்து சேனலை வெரிஃபை பண்ணாவிட்டால் 15 நிமிஷத்துக்கு மேல் அப்லோடு ஆகாது. வெரிஃபை பண்ணிவிட்டால் பெரிய வீடியோவே போடலாம். எல்லாரும் முதலில் இதில்தான் மாட்டுவார்கள்.

பாளை_டேலி

கொக்கிரகுளம் அண்ணாச்சி, நான் இன்னும் யூடியூப் வரைக்கும் போகவே இல்லை. ரெக்கார்டிங்கே 5 நிமிஷத்தில் நிற்கிறது. ஆனால் அதையும் குறித்துக்கொண்டேன், பின்னால் வேண்டியிருக்கும்.

மணி தம்பி, 40 நிமிஷத்துக்கு 8 துண்டு. 25 வீடியோதான் என்றால் மூன்று பாடத்திலேயே 24 ஆகிவிடும். அப்புறம் பழையதை இறக்கி வைத்துவிட்டு அழித்தால்தான் அடுத்தது. தவிர வவுச்சர் நடுவில் நிறுத்த முடியாது, பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்.

அம்பை_எடிட்டர்

நான் அம்பாசமுத்திரத்தில் எடிட்டிங் வேலை பார்க்கிறேன். கல்யாண வீடியோவில் ஆரம்பித்து இப்போது பாதி வேலை ஆன்லைன் கோர்ஸ்காரர்களுக்குத்தான். உங்கள் கேள்வியில் காசு கட்டலாமா என்பதைப் பிறகு பார்க்கலாம். அதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும், ஒவ்வொரு தடையும் எந்த இடத்தில் போடப்படுகிறது என்பது.

சில ரெக்கார்டர் பதிவு செய்யும்போதே வாட்டர்மார்க்கைப் படத்தில் பதித்துவிடும். பாண்டிகாம் அப்படி. பதிவு செய்யாத வெர்ஷனில் 10 நிமிஷம்தான் ஓடும், படத்தின் மேல்பக்கம் அவர்கள் முகவரி வரும். இன்றைக்கு எடுத்துவிட்டு நாளைக்குக் காசு கட்டினாலும் இன்றைக்கு எடுத்த ஃபைலில் அது அப்படியேதான் இருக்கும். அந்த எழுத்துக்குப் பின்னால் இருந்த படம் எங்கேயும் சேமிக்கப்படவில்லை, அதனால் எடுக்கவும் முடியாது.

வேறு சிலதில் பதிவு சுத்தமாகத்தான் நடக்கும், கடைசியில் எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தும்போதுதான் லோகோவை ஒட்டும். கேம்டேசியா ட்ரையல் இந்த வகை. ப்ராஜெக்ட் ஃபைல் கையில் இருந்தால் காசு கட்டியபின் அதே ப்ராஜெக்டைத் திறந்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால் போதும், லோகோ இருக்காது.

உங்கள் இரண்டாவது டூல் எந்த வகை என்று நீங்களே பார்க்கலாம். அது ப்ராஜெக்டை எந்த ஃபோல்டரில் வைக்கிறது என்று செட்டிங்ஸில் பாருங்கள். அந்த ஃபோல்டருக்குள் பெரிய வீடியோ ஃபைல் இருந்தால் அதை விஎல்சியில் திறந்து பாருங்கள், லோகோ இருக்கிறதா இல்லையா என்று. அப்படியே ரைட் கிளிக் செய்து Properties, Details போனால் Frame width, Frame height தெரியும். அது 1366, 768 என்று இருந்தால் குவாலிட்டியும் எக்ஸ்போர்ட்டில்தான் குறைகிறது. 1280, 720 என்று இருந்தால் பதிவிலேயே குறைந்துவிட்டது, காசு கட்டினாலும் அந்த 6 பாடம் அப்படியேதான்.

முதல் டூலின் கதை வேறு. அது வீடியோவை அவர்கள் சர்வரில் வைக்கிறது. லூம் ப்ரீ பிளானும் இதே கணக்குதான், 5 நிமிஷம், 25 வீடியோ. சர்வரில் இடமும் ஒவ்வொருவர் பார்க்கும்போதும் ஆகிற டேட்டாவும் அவர்களுக்கு நிஜமான செலவு, அதனால் நீளத்தில் கை வைக்கிறார்கள். உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிற ரெக்கார்டருக்கு அந்தச் செலவு எதுவும் கிடையாது. அங்கே 10 நிமிஷத்தில் நிறுத்துவது வாங்க வைப்பதற்கான வேலி, அவ்வளவுதான். அதனால்தான் அந்தப் பக்கத்தில் வேலியே இல்லாத சாமான்களும் கிடைக்கின்றன. ஓபிஎஸ் ஸ்டூடியோவில் நேரம், லோகோ, குவாலிட்டி எதற்கும் தடை இல்லை. ப்ரீ பிளான், பெய்டு பிளான் என்று பிரிவே அதில் கிடையாது.

டவுன்_ராஜா

இவ்வளவு பெரிய பதில் எதுக்கு அண்ணாச்சி. கிராக் வெர்ஷன் டெலிகிராமில் கிடக்குது. நான் லிங்க் தரேன்.

அம்பை_எடிட்டர்

வேண்டாம் தம்பி, இங்கே போடாதீங்க. எனக்குத் தெரிந்த ஒரு பிரவுசிங் சென்டரில் அப்படி ஒரு கிராக் போட்டு, கஸ்டமர் ஃபைல் எல்லாம் பூட்டிக்கொண்டது. அக்காவின் லேப்டாப்பில் நாலு பேர் கம்பெனி டேலி டேட்டா இருக்கும்.

பாளை_டேலி

நாலு இல்லை, இன்னும் அதிகம். டேட்டா போனால் கிளாஸையே மூட வேண்டியதுதான். கிராக் வேண்டவே வேண்டாம்.

ஃபோல்டரைப் பார்த்தேன். Documents உள்ளே ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கிறது, அதில் ஒரு mp4, ஒரு m4a, இன்னும் சில சின்ன ஃபைல்கள். mp4ஐ விஎல்சியில் திறந்தால் லோகோ இல்லை! F12 தெளிவாகத் தெரிகிறது. Frame width 1366, height 768. ஆனால் சத்தம் வரவில்லை. சத்தம் m4aவில் தனியாக இருக்கிறது. அப்படியென்றால் என் பாடம் முழுசாக என் கம்ப்யூட்டரிலேயே சும்மா கிடந்திருக்கிறது.

அம்பை_எடிட்டர்

நல்லதாப் போச்சு. படமும் குரலும் ஒரே நேரத்தில் ஆரம்பித்திருந்தால் இரண்டையும் சேர்ப்பது ஒரு வரி வேலை. ffmpeg என்று ஒரு ப்ரீ சாமான் இருக்கிறது, அதை இறக்கி ffmpeg.exeஐ அந்த ஃபோல்டரிலேயே வைத்து, அங்கேயே கமாண்ட் விண்டோவைத் திறந்து இதை அடியுங்கள், ஃபைல் பெயரை மட்டும் உங்களுடையதாக மாற்றுங்கள்.

```
ffmpeg -i thirai.mp4 -i kural.m4a -map 0:v -map 1:a -c copy paadam1.mp4
```

`-c copy` என்றால் படத்தையும் சத்தத்தையும் மறுபடி சுருக்காமல் அப்படியே ஒரே ஃபைலில் போட்டுவிடும். ஐ3யிலும் சில நொடிதான் ஆகும், குவாலிட்டி ஒரு புள்ளிகூடக் குறையாது.

சேர்த்த பிறகு மூன்று இடத்தில் பாருங்கள், ஆரம்பம், நடு, கடைசி. கீபோர்டில் Enter தட்டும் சத்தமும் ஸ்கிரீனில் வரி மாறுவதும் ஒன்றாக வருகிறதா என்று. ஆரம்பத்திலேயே சீராக அரை நொடி தள்ளியிருந்தால் சரிசெய்துவிடலாம். ஆரம்பத்தில் சரியாக இருந்து கடைசியில் விலகியிருந்தால் அது வேறு வியாதி.

ஆழ்வார்குறிச்சியான்

ஒரு சந்தேகம். ப்ரீ பிளான்காரன் எக்ஸ்போர்ட்டில் லோகோ வரும் என்று சொல்லித்தான் கொடுக்கிறான். உள்ளே போய் பச்சை ஃபைலை எடுத்துக்கொள்வது சரியா? எல்லாரும் இப்படிச் செய்தால் அவனும் அந்த ஃபைலைப் பூட்டி வைப்பான்.

வண்ணார்பேட்டை_மணி

இதுல என்ன தப்பு இருக்கு வே. அவங்க குரல், அவங்க ஸ்கிரீன், அவங்க ஹார்ட் டிஸ்க். சாப்ட்வேரை உடைக்கலையே.

ஆழ்வார்குறிச்சியான்

உடைக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லைசென்ஸில் ப்ரீ வெர்ஷனைத் தொழிலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று இருந்தால்? கிளாஸுக்கு பீஸ் வாங்குகிறார்கள் இல்லையா? வாட்டர்மார்க் போனாலும் அந்த நிபந்தனை போகாது. இன்ஸ்டால் செய்யும்போது யாரும் படிக்காமல் I Agree அழுத்துகிறோம், அதில்தான் இது இருக்கும்.

அம்பை_எடிட்டர்

இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. அவரவர் லைசென்ஸைப் படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நான் கஸ்டமர் வேலைக்கு இந்தத் தலைவலியே வேண்டாம் என்றுதான் ஓபிஎஸ்ஸில் எடுக்கிறேன். ஜிபிஎல் லைசென்ஸ், பீஸ் வாங்குகிற கிளாஸுக்கும் தடையில்லாமல் பயன்படுத்தலாம்.

சென்னை_கடையம்

கடையம்காரன், இப்போது சென்னையில் ஐடி வேலை. எல்லாரும் பெய்டு பிளானைத் திட்டுகிறீர்கள், நான் கொஞ்சம் மறுபக்கம் பேசுகிறேன். எங்கள் கம்பெனி காசு கட்டித்தான் வைத்திருக்கிறது. எடுத்து முடித்த நிமிஷம் லிங்க் கையில் இருக்கும், யார் எதுவரை பார்த்தார்கள் என்று தெரியும், நடுவில் சந்தேகம் என்றால் அந்த நொடியிலேயே கமென்ட் போடுவார்கள். 1 ஜிபி ஃபைலை அப்லோடு செய்துகொண்டு உட்கார வேண்டியதில்லை. நீளத்துக்காகவும் லோகோவுக்காகவும் மட்டும் காசு கட்டினால் நஷ்டம்தான், இந்த வசதிக்காகக் கட்டினால் நியாயமான விலை.

கட்டுவதாக இருந்தால் ஒன்று. நம் ஊர் பேங்க் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை 2020லிருந்து தானாக ஆன் ஆகி வராது, பேங்க் ஆப்பில் போய் நாமே ஆன் செய்ய வேண்டும். கார்டு மறுபடி மறுபடி ஃபெயில் ஆனால் முதலில் அதைப் பாருங்கள். 12 டாலர் என்று போட்டிருந்தாலும் கையை விட்டுப் போகும்போது வரியும் பேங்க் கட்டணமும் சேர்ந்துதான் போகும்.

பாளை_டேலி

சென்னை தம்பி சொல்வது புரிகிறது. ஆனால் என் பிள்ளைகள் கமென்ட் எல்லாம் போட மாட்டார்கள், சந்தேகம் என்றால் நேரே போன் அடிப்பார்கள், அதுவும் ராத்திரி பத்து மணிக்கு.

ஃபைல் சேர்த்துவிட்டேன். முதல் பாடம் சரியாக வந்துவிட்டது. அதைப் பார்த்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. இதே பாடத்தை முன்பு 720pயில் எக்ஸ்போர்ட் செய்து அனுப்பியிருந்தேன், ஒரு பெண் 18,360 என்பதை 16,380 என்று பார்த்து என்ட்ரி போட்டு, டிரயல் பேலன்ஸ் ஏன் என்னுடையதோடு ஒத்துவரவில்லை என்று கேட்டாள். இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். 720pயில் 8, 6, 3 எல்லாம் ஒரே குடும்பம் மாதிரி இருக்கிறது. எக்செலில் தமிழில் எழுதியிருந்த குறிப்பில் பாதி எழுத்துக்குப் புள்ளியே காணோம். 768க்கும் 720க்கும் இவ்வளவுதானே வித்தியாசம், அதற்கு ஏன் இப்படிக் கெடுகிறது?

அம்பை_எடிட்டர்

வித்தியாசம் கொஞ்சமாக இருப்பதுதான் வம்பே. 768ஐ 720 ஆக்குவது என்றால் ஒவ்வொரு 16 வரியையும் 15 வரியாக நெருக்க வேண்டும். அகலத்திலும் ஏறக்குறைய இதே கணக்குதான். டேலியில் எழுத்தின் கோடு ஒரு பிக்சல், மிஞ்சினால் இரண்டு பிக்சல் கனம். 16ஐ 15 ஆக்கும்போது எந்தக் கோடும் தன் இடத்தில் சரியாக உட்காராது, பக்கத்து வெள்ளையோடு கலந்து சாம்பல் ஆகிவிடும். 8க்கும் 6க்கும் வித்தியாசமே ஒரு சின்ன இடைவெளிதான், அது மூடிக்கொண்டால் இரண்டும் ஒன்று. மெய்யெழுத்தின் புள்ளி ஒன்றிரண்டு பிக்சல்தான், அது சாம்பலாகிக் கரைந்துவிடும். மனித முகம், இயற்கைக் காட்சி என்றால் இது கண்ணில் படவே படாது. எழுத்தும் எண்ணும்தான் மாட்டிக்கொள்ளும்.

இதற்குக் காசு இல்லாத வழி ஒன்று இருக்கிறது. ரெக்கார்டிங் ஆரம்பிக்கும் முன் Settings, System, Display போய் Display resolution என்பதை 1280 x 720 ஆக மாற்றுங்கள். உங்கள் கண்ணுக்கு லேப்டாப் ஸ்கிரீன் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், ஏனென்றால் அந்தக் கண்ணாடியில் இருப்பது 1366x768 புள்ளி, அதில் 1280ஐ இழுத்துக் காட்டுகிறது. ஆனால் ரெக்கார்டர் கண்ணாடியைப் படம் எடுப்பதில்லை, விண்டோஸ் வரைந்து வைத்திருக்கும் 1280x720 படத்தைத்தான் எடுக்கிறது. 720pயில் எக்ஸ்போர்ட் செய்தால் ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி, நெருக்கலே இல்லை. ப்ரீ பிளானின் 720p தடை அப்புறம் உங்களைத் தொடாது. எழுத்தும் கொஞ்சம் பெரிதாகவே தெரியும், போனில் பார்க்கிற பிள்ளைகளுக்கு அதுவே நல்லது.

வண்ணார்பேட்டை_மணி

எனக்கு அப்படி மாத்தியும் மங்கலாத்தான் வந்துச்சு. அதனால இது முழுசா சரியில்லை.

அம்பை_எடிட்டர்

எப்போது மங்குகிறது என்று பாருங்கள் மணி. எப்போதும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது நெருக்கல். ஸ்கிரீன் மாறும்போது சட்டென்று கட்டம் கட்டமாகக் கலங்கி ஒன்றிரண்டு நொடியில் தெளிந்தால் அது பிட்ரேட் போதாமை, அதாவது ஒவ்வொரு நொடிப் படத்துக்கும் ஒதுக்குகிற டேட்டா பத்தவில்லை, அதற்கு ரெசல்யூஷனை மாற்றிப் பிரயோசனம் இல்லை. உங்கள் கம்ப்யூட்டரில் தெளிவாக இருந்து பார்க்கிறவர் போனில் மட்டும் மங்கினால் ரெக்கார்டரை விட்டுவிட்டு அனுப்பிய வழியைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும், 2 ஜிபி வரை. யூடியூபில் போட்டால் புதிதாக ஏற்றியதும் முதலில் குறைந்த குவாலிட்டிதான் காட்டும், எச்டி பிறகுதான் தயாராகும். அதற்குள் பார்த்துவிட்டு ரெக்கார்டரைத் திட்டுகிறவர்கள் நிறைய.

வண்ணார்பேட்டை_மணி

வாட்ஸ்அப்ல வீடியோவாத்தான் அனுப்பினேன். பார்க்கிறேன்.

கல்லிடை_அப்பளம்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டு அப்பள வியாபாரத்துக்குப் பணம் எல்லாம் யுபிஐயில்தான் வருகிறது. அப்பாவுக்கு ஆப் எப்படிப் பார்ப்பது என்று போனில் ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்தேன். மற்றதெல்லாம் வருகிறது, பேங்க் ஆப் திறந்தால் மட்டும் முழுக்கக் கருப்பு. ப்ரீ வெர்ஷன் என்பதால் இப்படியா? பெய்டு வாங்கினால் வருமா?

அம்பை_எடிட்டர்

வாங்காதீங்க, எந்த பெய்டுக்கும் வராது. அந்த ஆப்தான் தன் ஸ்கிரீனை யாரும் பிடிக்கக் கூடாது என்று ஆண்ட்ராய்டிடம் சொல்லி வைத்திருக்கிறது. பாதுகாப்புக்காக. இன்னொரு போனை மேலே பிடித்து வீடியோ எடுத்துக் காட்டுங்கள், பின் நம்பர் போடுகிற இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மற்றபடி ஆண்ட்ராய்டு 11லிருந்து போனிலேயே ரெக்கார்டர் இருக்கிறது, தனி ஆப் எதற்கு?

கல்லிடை_அப்பளம்

நல்லவேளை, வருஷ பிளான் எடுக்க இருந்தேன்.

கொக்கிரகுளம்_காரன்

விண்டோஸ் 10இலேயே ரெக்கார்டர் இருக்கிறதே, Win+Alt+R. லோகோவும் இல்லை. இவ்வளவு சுற்று எதற்கு?

அம்பை_எடிட்டர்

இருக்கிறது, ஆனால் அது ஒரு விண்டோவை மட்டும்தான் எடுக்கும். அக்கா டேலியில் ஆரம்பித்து எக்செலுக்குப் போனால் எக்செல் பதிவாகாது. டெஸ்க்டாப்பையும் ஃபைல் ஃபோல்டரையும் அது எடுக்காது. டேலி மட்டும் காட்டுகிற பாடத்துக்கு நீங்கள் சொல்வது சரி, அதற்கு மேல் எதுவும் வேண்டாம். விண்டோஸ் 11 ஆக இருந்தால் ஸ்னிப்பிங் டூலிலேயே ஸ்கிரீனில் வேண்டிய பகுதியை வீடியோ எடுக்கலாம். அக்காவிடம் இருப்பது 10. கிளிப்சாம்ப் என்று மைக்ரோசாஃப்டின் எடிட்டர் இருக்கிறது, ப்ரீயிலேயே லோகோ இல்லாமல் 1080p எக்ஸ்போர்ட் தருகிறது, ஆனால் ஒரு ரெக்கார்டிங் 30 நிமிஷம்தான்.

பாளை_டேலி

இனிமேல் எடுக்கப்போகும் பாடத்துக்கு ஓபிஎஸ் போட்டுப் பார்த்தேன். திறந்ததும் ஏதோ டிவி ஸ்டேஷன் மாதிரி இருக்கிறது. ஒரு வழியாக Display Capture சேர்த்தேன், படம் வந்தது, ரெக்கார்டிங்கும் ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் கீழே Encoding overloaded! என்று வந்தது. எடுத்ததைப் பார்த்தால் மவுஸ் தாவித் தாவிப் போகிறது. என் லேப்டாப்புக்கு இது தாங்காதோ?

அம்பை_எடிட்டர்

தாங்கும். அதன் செட்டிங் கேம் விளையாடுகிறவர்களையும் மனதில் வைத்து வருகிறது, உங்களுக்கு அவ்வளவு வேகம் வேண்டாம். Settings, Video போய் Base (Canvas) Resolution, Output (Scaled) Resolution இரண்டும் ஒரே எண்ணாக இருக்கும்படி வையுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் ஓபிஎஸ்ஸே நெருக்க ஆரம்பித்துவிடும், முன்னால் பார்த்த அதே 16க்கு 15 கதை. ஸ்கிரீனை 1280x720க்கு மாற்றினால் இரண்டிலும் அதையே போடுங்கள். Common FPS Values 20 போதும். டேலியில் என்ன ஓடுகிறது, கர்சர் நகர்கிறது, வரி மாறுகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் Settings, Output. Video Encoder என்ற இடத்தில் Hardware (QSV, H.264) என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஐ3க்குள் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸ் சுருக்குகிற வேலையை எடுத்துக்கொள்ளும், பிராசஸர் டேலிக்கு மிச்சமாகும். Recording Format மட்டும் mkv வையுங்கள். mkv என்றால் நடுவில் கரண்ட் போனாலும் பேட்டரி தீர்ந்தாலும் அதுவரை எடுத்தது பிழைக்கும். சாதாரண mp4 முறையாக முடிக்காமல் அறுந்தால் ஃபைல் திறக்கவே திறக்காது. முடித்தபின் File, Remux Recordings போய் mp4 ஆக்கிக்கொள்ளலாம், அதிலும் குவாலிட்டி போகாது.

ஃபைல் எவ்வளவு பெரிதாகும் என்று பயப்படாதீங்க. நொடிக்கு 2500 கிலோபிட் என்று வைத்தால் 40 நிமிஷத்துக்கு 750 எம்பி. டேலி ஸ்கிரீன் பெரும்பாலும் அசையாமல் நிற்பதால் குவாலிட்டி அடிப்படையில் எடுத்தால் அதைவிடக் குறையத்தான் வாய்ப்பு.

ஆழ்வார்குறிச்சியான்

என் லேப்டாப்பில் ஓபிஎஸ் போட்டால் Display Capture முழுக்கக் கருப்பாக வந்தது. கிராபிக்ஸ் கார்டு தனியாக இருக்கிற லேப்டாப். விண்டோஸ் Graphics settings போய் ஓபிஎஸ்ஸை Power saving என்று மாற்றியதும் வந்துவிட்டது. யாருக்காவது உதவும்.

சென்னை_கடையம்

பாருங்கள், இதைத்தான் சொல்கிறேன். ஃபோல்டர் தேடி, கமாண்ட் அடித்து, என்கோடர் மாற்றி. இந்த நேரத்துக்கு விலை இல்லையா? 12 டாலர் கட்டினால் பட்டனை அழுத்திவிட்டுப் போகலாம்.

பாளை_டேலி

நேரத்துக்கு விலை இருக்கிறது தம்பி. ஆனால் செட்டிங் ஒரு தடவைதான், 12 டாலர் மாதா மாதம். அந்தக் காசுக்கு நல்ல மைக் ஒன்று வாங்கினால் பிள்ளைகளுக்கு உபயோகம்.

20 FPS, QSV எல்லாம் மாற்றி, ஸ்கிரீனை 1280x720 ஆக்கி, ஜிஎஸ்டிஆர்-1 பாடத்தை எடுத்தேன். 38 நிமிஷம் நிற்காமல் ஓடியது, overloaded வரவே இல்லை. F12 தெரிகிறது, எண் எல்லாம் தெளிவு. ஃபேன் சத்தம்தான் இரைகிறது.

அம்பை_எடிட்டர்

மைக் பெயருக்குப் பக்கத்தில் Filters போய் Noise Suppression சேருங்கள், அதில் RNNoise என்று இருக்கும். ஃபேன் இரைச்சலை நன்றாக அடக்கும். பழைய 6 பாடம் என்னவாயிற்று?

பாளை_டேலி

ஐந்து சேர்ந்துவிட்டது. ஆறாவதில் நடுவில் ஒரு தடவை பாஸ் அழுத்தி போன் பேசிவிட்டு வந்தேன். அந்த ஃபோல்டரில் mp4 இரண்டு, m4a ஒன்றுதான். இரண்டு mp4ஐயும் ஒட்டிவிட்டுக் குரலைச் சேர்த்தால் பாதிக்கு மேல் குரல் முன்னால் ஓடுகிறது, நான் Ctrl+A அழுத்தி வவுச்சரை முடித்துவிட்டேன் என்று சொல்கிறேன், ஸ்கிரீனில் இன்னும் அமவுண்ட் அடித்துக்கொண்டிருக்கிறது.

அம்பை_எடிட்டர்

முதல் mp4 எவ்வளவு நீளம், இரண்டாவது எவ்வளவு, m4a எவ்வளவு என்று நிமிஷம் நொடியோடு போடுங்கள். இரண்டு mp4ஐயும் கூட்டினால் m4aவைவிட எவ்வளவு அதிகம் வருகிறது என்று பார்த்தால் இடைவெளி பாஸ் இருந்த இடத்தில் விழுந்ததா, இல்லை மெதுவாக விலகியதா என்று சொல்லிவிடலாம்.

சென்னை_கடையம்

அல்லது அந்த ஒரு பாடத்தை ஓபிஎஸ்ஸில் மறுபடி எடுத்துவிடுங்கள் அக்கா.

பாளை_டேலி

மறுபடி எடுக்க 40 நிமிஷம், அதற்கு அந்த கம்பெனி டேட்டா பழைய நிலையில் வேண்டும், நான் அதன்மேல் அடுத்த மாத என்ட்ரி எல்லாம் போட்டுவிட்டேன். நீளம் பார்த்துப் போடுகிறேன் அண்ணாச்சி, இப்போது கிளாஸுக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.